களனி வெள்ளமும் 14 நாள் கணக்கும்: ஒப்பந்தகாரர் கால நீடிப்புக் கேட்பது எப்படி?

2025 நவம்பர் 28 அன்று டிட்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. மலையகத்தில் கொட்டிய மழை களனி ஆற்றால் இறங்கி வந்து, அடுத்த நாட்களில் கொழும்பின் தாழ்நிலங்களை மூடியது. கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல, களனிப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. கட்டிக்கொண்டிருந்த கட்டடங்களும் தப்பவில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து தொழில் செய்யும் சிறு ஒப்பந்தகாரர்களில் பலர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கடனும் வங்கிப் பிணையும் வைத்துத் தொழிலை மீண்டும் தொடங்கியவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் வடிந்த பிறகும் ஓர் ஆபத்து இருந்தது. அது தாமத நட்டஈடு.

வேலை பிந்தினால், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒவ்வொரு நாளுக்கும் கட்டணப் பட்டியலிலிருந்து கழிக்கப்படும். 'வெள்ளம் வந்தது எல்லோருக்கும் தெரியும்தானே' என்பது அதற்குப் பதிலாகாது. எந்தத் தண்ணீர், எந்த நாளில், எந்த வேலையை நிறுத்தியது என்று உரிய நாளுக்குள் எழுதிக் கொடுத்தவருக்கே கால நீடிப்புக் கிடைக்கும். அந்தக் கடிதம்தான் ஃபோர்ஸ் மஜூர் அறிவித்தல், அதாவது தடுக்கவியலாப் பெருநிகழ்வு அறிவித்தல்.

வாசகத்தில் என்ன இருக்கிறது?

இலங்கையின் பெரிய கட்டட ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருப்பது, நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஆவணம் அல்லது ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியியலாளர் சம்மேளனத்தின் 1999 'சிவப்புப் புத்தகம்'. இங்கே சொல்லும் பிரிவு இலக்கங்கள் சிவப்புப் புத்தகத்துக்குரியவை. உங்கள் ஒப்பந்தத்தில் இலக்கமும் நாள் எல்லையும் மாறியிருக்கலாம். ஆகவே முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

பிரிவு 19.1 நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. நிகழ்வு உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதும் முன் நியாயமாக அதற்கு ஏற்பாடு செய்திருக்க முடியாததாக இருக்க வேண்டும். வந்த பிறகு தவிர்க்கவோ சமாளிக்கவோ முடியாததாக இருக்க வேண்டும். மற்றத் தரப்பால் பெருமளவில் ஏற்பட்டதாக இருக்கக்கூடாது.

இதில் இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் விழுகிறார்கள். போரை அனுபவித்த நமக்கு இது விளங்கும். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது கையெழுத்திட்டவர், பிறகு 'சண்டை நடந்தது' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. சண்டை அவர் அறிந்த நிலைமை. களனிக் கரையும் அப்படித்தான். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஏறுவது புதிதல்ல. 2016 மே மாதத்திலும் பெருவெள்ளம் வந்தது. ஆகவே வந்தது வழக்கமான ஏற்றம் அல்ல, அதற்கும் மேலே போனது என்பதைக் காட்ட வேண்டியது ஒப்பந்தகாரரின் பொறுப்பு.

மழைக் கணக்கு போதாது

பலரும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கொழும்பு மழைவீழ்ச்சி அறிக்கையை மட்டும் இணைப்பார்கள். களனி வெள்ளத்துக்கு அது பலவீனமான சான்று. ஆற்றில் தண்ணீர் ஏறுவது மலைச்சாரலில் பெய்த மழையால். கொழும்பில் மழை ஓய்ந்த பிறகும் வெள்ளம் உயரும். மழை அறிக்கையை மட்டும் பார்க்கும் பொறியியலாளர், 'அந்த நாளில் இங்கே மழையே குறைவு' என்று திருப்பி அனுப்பலாம்.

சரியான சான்று நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அளவு. களனியில் மேலிருந்து கீழாக கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி ஆகிய இடங்களில் அளவுமானிகள் உள்ளன. கொட்டாஞ்சேனைக்கு அருகே கிராண்ட்பாஸில் இருக்கும் நாகலகம் வீதி அளவுமானி இன்றும் அடியில்தான் வாசிக்கப்படுகிறது. அங்கே 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். டிட்வா வெள்ளத்தில் மட்டம் 7 அடியைத் தாண்டியது. 'வழக்கத்துக்கு மேலான வெள்ளம்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த ஓர் அளவு பலமாகப் பேசும்.

ஆனால் அது களனிக் கரைக்குத்தான் பேசும். வெள்ளவத்தையில் கால்வாய் பெருகி நின்ற வேலைக்கு நாகலகம் வீதி அளவை இணைத்தால் தொடர்பு அறுந்துவிடும். அதற்கு அந்த இடத்தின் மழை அளவும், கிராம உத்தியோகத்தரின் கடிதமும், வேலைத்தளப் படங்களும் வேண்டும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்

இது விளக்கத்துக்காக அமைத்த உதாரணம். களனியில் ஆற்றோரத் தாழ்நிலத்தில் ஒரு மூன்று மாடிக் களஞ்சியக் கட்டடம். ஒப்பந்தகாரர் கொட்டாஞ்சேனையில், வேலை கொடுத்தவர் வெள்ளவத்தையில். ஒப்பந்தத் தொகை 60 மில்லியன் ரூபா. முடிவுத் திகதி 2026 ஜனவரி 31. தாமத நட்டஈடு நாளொன்றுக்கு 0.05 சதவீதம், அதாவது 30,000 ரூபா.

நவம்பர் 29 காலை தளத்துக்குள் தண்ணீர் வந்தது. டிசம்பர் 4 வரை நின்றது. இது 6 நாள். 5 முதல் 8 வரை தண்ணீர் இறைத்துச் சேறு அள்ளினார்கள். இது 4 நாள். 9 முதல் 11 வரை, சரிந்த தூண் பலகையடைப்பை மீண்டும் நிறுத்திக் கம்பிகளைக் கழுவிப் பரிசோதித்தார்கள். இது 3 நாள். மொத்தம் 13 நாள். இந்த ஒப்பந்தத்தில் 'நாள்' என்றால் நாட்காட்டி நாள். எனவே ஞாயிறையும் போயாவையும் கழிக்கத் தேவையில்லை. கேட்க வேண்டிய புதிய திகதி 2026 பெப்ரவரி 13. இது கிடைக்காவிட்டால் போகும் பணம் 3,90,000 ரூபா.

இதே மாதத்தில் தரையோட்டுக் கொள்கலனும் ஒரு கிழமை பிந்தியது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தூண் முடியாமல் தரையோடு பதிக்க முடியாது. ஓடு பிந்தியதால் முடிவுத் திகதி நகரவில்லை. தூண் வேலை நகர்ந்ததால்தான் முடிவுத் திகதி நகர்ந்தது. முடிவுத் திகதியைத் தீர்மானிக்கும் இப்படிப்பட்ட வேலைச் சங்கிலியைத்தான் பொறியியலாளர் முதலில் தேடுவார். வெள்ளத்தோடு சேராத தாமதத்தையும் உள்ளே திணித்தால் மற்ற 13 நாளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

மூன்று திகதிகள்

பிரிவு 19.2இன்படி, நிகழ்வை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 14 நாளுக்குள் மற்றத் தரப்புக்கு அறிவித்தல் போக வேண்டும். நவம்பர் 29இலிருந்து எண்ணினால் டிசம்பர் 13. பிரிவு 20.1இன்படி, கால நீடிப்புக் கோரிக்கை அறிவித்தல் 28 நாளுக்குள் பொறியியலாளருக்குப் போக வேண்டும். அது டிசம்பர் 27. இந்த 28 நாளைத் தவறவிட்டால் கோரும் உரிமையே போய்விடும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. முழு விபரக் கோரிக்கை 42 நாளுக்குள், அதாவது 2026 ஜனவரி 10க்குள்.

முதற் கடிதத்தில் நாட்கணக்கு முடிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் நிற்கும்போதே அனுப்பலாம். 'எல்லாம் வடியட்டும், கணக்குப் பார்த்து எழுதுவோம்' என்று காத்திருப்பதால்தான் கூடுதலானோர் தவறவிடுகிறார்கள்.

அறிவித்தல் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, கையொப்பம் பெற்று நேரில் அல்லது பதிவுத் தபாலில் கொடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் தொலைபேசியில் சொன்ன சொல்லும், ஒப்பந்தம் அந்த வழியை ஏற்றிருந்தால் ஒழிய, அறிவித்தல் ஆகாது. ஒப்பந்தத்தின் தொடர்பாடல் மொழி ஆங்கிலம் என்றால் கடிதமும் ஆங்கிலத்தில் போக வேண்டும். கீழேயுள்ளதை வரைவாக வைத்துக்கொள்ளலாம்.

> பெறுநர்: வேலை வழங்குநர். பிரதி: பொறியியலாளர்.
> திகதி: 2025 டிசம்பர் 6
> விடயம்: பிரிவுகள் 19.2, 20.1இன் கீழான அறிவித்தல் – களனிக் களஞ்சியக் கட்டடம்
>
> 1. 2025 நவம்பர் 29 காலை களனி ஆற்று வெள்ளம் வேலைத்தளத்துக்குள் புகுந்தது. அன்றே இதை அறிந்தோம்.
> 2. இதனால் தரைத்தளத் தூண்களின் பலகையடைப்பு, கம்பி கட்டுதல், கொங்கிறீற்று இடுதல் ஆகியவற்றைச் செய்ய முடியாதிருந்தது. டிசம்பர் 4இல் தண்ணீர் வடிந்தது. துப்புரவு நடைபெறுகிறது.
> 3. தாமதத்தைக் குறைக்க இரண்டு நீரிறைக்கும் இயந்திரங்களை வாடகைக்கு எடுத்துள்ளோம். சீமெந்தை மேல்தளத்துக்கு மாற்றியுள்ளோம்.
> 4. வேலை முடிக்கும் காலத்தை நீடிக்கக் கோருகிறோம். நாட்கணக்கும் முழு விபரங்களும் 2026 ஜனவரி 10க்கு முன் தரப்படும்.
> 5. இணைப்புகள்: நீர்மட்ட அறிக்கை, தளக் குறிப்பேட்டுப் பக்கங்கள், படங்கள், வரவுப் பதிவு.

மூன்றாவது பந்தியை விட்டுவிடாதீர்கள். பிரிவு 19.3 தாமதத்தைக் குறைக்க முயல வேண்டும் என்கிறது. நீரிறைக்கும் இயந்திரத்தின் வாடகைச் சீட்டுதான் அதற்குச் சான்று.

இணைப்புகளில் பெறுமதி கூடியது தளக் குறிப்பேடு. அன்றன்று எழுதி, மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட பக்கம் பின்னர் தயாரித்த அறிக்கையைவிட உறுதியானது. படம் எடுக்கும்போது தண்ணீரை மட்டும் எடுக்காமல், தூண் இலக்கம் அல்லது பெயர்ப்பலகை தெரிய எடுங்கள். தண்ணீர் வடிந்த நாளையும் எடுங்கள். வந்த நாளை எல்லோரும் படம் எடுப்பார்கள். போன நாளுக்குப் படம் இல்லாததால் நாட்கணக்கு குறைந்துபோகும்.

கிடைப்பது நேரம், பணம் அல்ல

பிரிவு 19.4இன்படி இயற்கை அனர்த்தத்துக்கு நேரம் மட்டுமே கிடைக்கும். நனைந்த சீமெந்துக்கும் இறைத்த செலவுக்கும் காப்புறுதியைப் பார்க்க வேண்டும். விலை ஏறியதும் தனியே ஃபோர்ஸ் மஜூர் ஆகாது. 2022 நெருக்கடியில் பலர் இதைக் கற்றார்கள்.

நாட்டுக்குள் நடக்கும் கிளர்ச்சி, உள்நாட்டுப் போர், கலவரம், வெடிபொருட்கள் ஆகியவற்றுக்கு அதே பிரிவு நேரத்தோடு செலவையும் தருகிறது. வன்னியில் அத்திவாரம் வெட்டும்போது வெடிக்காத எறிகணை கிடைத்து வேலை நின்றால், இந்த வாசகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கேயும் பழைய கேள்வி வரும்: கண்ணிவெடி இருந்த நிலம் என்று முன்பே தெரியாதா? கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான சான்றிதழைக் கையெழுத்திடும் முன் கேட்டு வாங்கி வைத்திருந்தவருக்கே அதற்குப் பதில் இருக்கும்.

பொறியியலாளர் 13 நாளுக்கு 7 நாள் மட்டும் கொடுத்தால் விடயம் அத்துடன் முடிவதில்லை. ஒப்பந்தத்திலுள்ள பிணக்குத் தீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குப் பிறகு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்புக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது வெள்ளத்தின் உயரம் அல்ல. அறிவித்தல் எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது, அதைப் பெற்றவரின் கையொப்பம் எங்கே என்பதுதான். அந்தக் கையொப்பமிட்ட பிரதியைத் தளத்தில் வைக்காமல், தண்ணீர் ஏறாத இடத்தில் வையுங்கள்.