கிம்ப் செயலியில் படச்சேர்க்கை: லேயரும் மாஸ்க்கும்

படச்சேர்க்கை என்பது, வெவ்வேறு மூலங்களிலிருந்து பெற்ற உருவங்களை, ஒரே ஒளியில் ஒரே கணத்தில் எடுத்தவை என்று தோன்றுமாறு ஒரு சட்டத்துக்குள் பொருத்தும் கலையாகும். இது கணினியோடு பிறந்ததன்று. 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே சித்திரமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களைக் கொண்டு, மரணத் தறுவாயிலிருக்கும் ஓர் இளம்பெண்ணின் படத்தை உருவாக்கினார். காகிதத்தின் ஒரு பகுதியில் ஒளி விழும்போது மற்றப் பகுதிகளை அவர்கள் மூடிவைத்தார்கள். அந்த மூடுதலே இன்று மாஸ்க் என்னும் பெயரில் கணினித் திரைக்கு வந்திருக்கிறது.

பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப், விலையின்றிக் கிடைக்கும் படத்திருத்தச் செயலியாகும். செயற்கை நுண்ணறிவு இயற்றித் தந்த ஓர் உருவத்தை மெய்யான புகைப்படம் ஒன்றில் அமர்த்தும் முறை, அச்செயலியை ஆதாரமாகக் கொண்டு இங்கே விவரிக்கப்படுகிறது.

லேயர் என்பது, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தகடுகளைப் போன்ற படப்படலம். மாஸ்க் என்பது அப்படலத்தோடு பிணைந்த கறுப்பு வெள்ளைப் படம். மாஸ்க்கில் வெள்ளையாக உள்ள இடத்தில் அந்த லேயர் தெரியும். கறுப்பாக உள்ள இடத்தில் மறைந்து, கீழுள்ள படம் தெரியும். சாம்பல் நிறம் இருக்குமிடத்தில் இரண்டும் கலந்து தோன்றும். அழிப்பானால் அழித்த பகுதி எளிதில் மீளாது. மாஸ்க்கால் மறைத்த பகுதியோ வெள்ளைத் தூரிகை பட்டவுடன் திரும்பி வருகிறது. ஆகையால் அழிப்பானை இத்தொழிலில் அறவே தவிர்ப்பது நலம் என்பது இக்கட்டுரையாளரின் திடமான அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பழைய வீட்டுத் திண்ணை ஒன்றின் புகைப்படம், 4000க்கு 3000 பிக்சல் அளவில் நம்மிடம் இருக்கிறது. காலை வெயில் முன்புறத்து இடப்பக்கமிருந்து சாய்ந்து விழுகிறது. திண்ணையின் விளிம்பில் ஒரு மரத்தூண் நிற்க, அதன் நிழல் வலப்புறமாகப் பின்னோக்கிப் படிந்திருக்கிறது. அத்தூணுக்கு இடப்புறத்தில், சற்றே உள்ளே தள்ளி, வலது ஓரம் தூணின் பின்னே மறையும்படி ஒரு மண்பானையை வைக்க வேண்டும்.

பானையை இயற்றும்போதே மூன்று விஷயங்களைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்: ஒளி வரும் திசை, காமிராவின் உயரம், வெறுமையான பின்னணி. பின்னணி வெள்ளையாயிருந்தால் அதன் வெளிச்சம் பானையின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். நடுத்தரச் சாம்பலே உத்தமம். காமிராவின் உயரம் தவறிவிட்டால் பரிகாரம் இல்லை என்றே சொல்லலாம்: திண்ணையை நேராக நோக்கி எடுத்த படத்தில், வாய் அகன்று உள்ளே தெரியும்படி மேலிருந்து பார்த்த பானையை எந்த மாஸ்க்கும் பொருத்தித் தராது. ஒளியின் திசை மட்டும் தவறியிருந்தால், இருபுறமும் ஒத்த வடிவமுள்ள பானையை இடவலமாகத் திருப்பிச் சமாளிக்கலாம்.

அளவைக் கண்மதிப்புக்கு விடலாகாது. திண்ணையின் முகப்பு இரண்டடி உயரமாகவும், அது படத்தில் 1200 பிக்சலாகவும் இருந்தால், விளிம்பருகே வைக்கும் ஓரடிப் பானை 600 பிக்சல் உயரம் இருக்க வேண்டும். சற்று உள்ளே இருப்பதால் 560 எனக் கொள்ளலாம். 1024 பிக்சல் சதுரத்தில் இயற்றிய பானை 800 பிக்சல் உயரம் இருக்குமானால், லேயரை நூற்றுக்கு எழுபதாகக் குறைத்தால் போதும். குறைக்கலாம், பெரிதாக்கினால் உருவம் மழுங்கும்.

பானையின் படத்தை File பட்டியலில் Open as Layers மூலம் கொணர்ந்து, Paths கருவியால் அதன் விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு, அக்கோட்டைத் தெரிவாக மாற்றி, Select பட்டியலிலுள்ள Shrink கொண்டு ஒரு பிக்சல் உள்ளொடுக்கி, Feather கொண்டு ஒரு பிக்சல் மென்மையாக்கி, பின்னர் Add Layer Mask என்பதில் Selection என்பதைத் தெரிந்தெடுத்தால் பின்னணி மறைந்து பானை மட்டும் நிற்கும். உள்ளொடுக்குவது, பழைய பின்னணியின் சாயை ஒரு மெல்லிய கோடாக ஒட்டி நிற்காமல் தடுப்பதற்காகவே. இங்கே தொடக்கநிலையினர் செய்யும் பிழை ஒன்றுண்டு: மாஸ்க்கின் சிறுபடத்தைத் தொடாமல் லேயரின் சிறுபடத்தைத் தொட்டுவிட்டுக் கறுப்புத் தூரிகையை ஓட்டுவது. பானை மறைவதற்குப் பதிலாக அதன்மேல் கறுப்பு மை படிந்தால், பிழை அதுவென்று அறியலாம்.

நிழலே இக்கலையில் கடினமான பகுதி. முந்தைய தெரிவை Select பட்டியலிலுள்ள None கொண்டு நீக்கிவிட்டு, பானைக்குக் கீழே ஒரு புதிய லேயரை Multiply முறையில் அமைத்து, பானை திண்ணையைத் தொடும் இடத்தில் குறுகிய, அடர்ந்த, கூரிய நிழலையும், அதிலிருந்து வலப்புறமாகப் பின்னோக்கி நீண்டு, விலக விலக விளிம்பு மங்கும் நிழலையும் தீட்ட வேண்டும். தொடுமிடத்து நிழல் இல்லையேல் பானை அந்தரத்தில் மிதக்கும். தீட்டும் நிறம் கறுப்பன்று. வெயிற்கால நிழல்களில் வானத்தின் நீலம் சற்றுக் கலந்திருக்கும். ஆதலால் தீட்டியபின், தூணின் மெய்யான நிழலோடு ஒப்பிட்டு நிறத்தையும் அடர்த்தியையும் சரிசெய்ய வேண்டும்.

பானையின் நிழல் தூணின் நிழலைச் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. ஒரே சூரியனால் உண்டாகும் இரு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் அவ்விடம் மேலும் இருளாது; ஏனெனில் ஏற்கெனவே மறைந்துவிட்ட வெயிலை மறுபடி மறைப்பதற்கில்லை. Multiply முறையோ இருட்டை இருட்டால் பெருக்கிவிடும். எனவே நிழல் லேயருக்கும் ஒரு மாஸ்க் சேர்த்து, தூணின் நிழல் படிந்த பகுதியில் கறுப்பைத் தீட்டிவிட வேண்டும். தேர்ந்த கண்கள் போலிச் சேர்க்கையைக் கண்டுகொள்ளும் இடங்களுள் இதுவும் ஒன்று.

இனித் தூணுக்குப் பின்னே செல்லும் வேலை. பானையையும் நிழலையும் ஒரு லேயர்க் குழுவுக்குள் இட்டு, நிழலின் Multiply கீழுள்ள படத்தை எட்டுமாறு குழுவை Pass Through முறையில் அமைத்து, அக்குழுவுக்கே ஒரு வெள்ளை மாஸ்க் சேர்த்து, தூணின் வடிவத்தை அதில் கறுப்பாகத் தீட்டினால், பானையின் வலது ஓரமும் நிழலின் நடுப்பகுதியும் ஒருங்கே தூணுக்குப் பின் மறைகின்றன. குழுவுக்கு மாஸ்க் இடும் வசதி 2018இல் வெளியான 2.10 பதிப்பில் வந்தது. தூணின் விளிம்பு காமிராவின் குவியத்தில் எவ்வளவு கூர்மையோ, அவ்வளவே கூர்மை இம்மாஸ்க்கின் விளிம்புக்கும் வேண்டும்; கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளியளவு ஒத்திருக்கிறதா என்று காண, எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிரப்பிய லேயர் ஒன்றை HSL Color முறையில் வைத்தால், படம் முழுவதும் நிறமிழந்து தோன்றும். அப்பொழுது பானை சூழலைவிட வெளுத்தோ கறுத்தோ துருத்தி நின்றால், பானை லேயரை Curves கொண்டு திருத்திவிட்டு, சாம்பல் லேயரை நீக்கிவிடலாம். கடைசியாக, நூறு விழுக்காட்டுப் பெருக்கத்தில் பார்க்க வேண்டும். மெய்யான புகைப்படத்தில் காமிராவின் உணரி விட்டுச்சென்ற நுண்மணல் போன்ற துகள்கள் தெரியும். இயற்றிய பானையோ மெழுகு பூசினாற்போல் வழவழப்பாயிருக்கும். RGB Noise வடிகட்டியால் சிறிதளவு துகளைச் சேர்த்து, பக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேலைப் பிரதியை XCF வடிவில் சேமித்தால்தான் லேயர்களும் மாஸ்க்குகளும் பிழைக்கும்; JPEG வடிவம் அனைத்தையும் ஒரே தளமாக இறுக்கிவிடும். செய்திக்கெனப் பயன்படும் புகைப்படத்தில் இவ்வாறு எதையும் சேர்ப்பது தகாது. அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்கள் இதனை விதியாகவே தடுத்திருக்கின்றன. மற்ற இடங்களில் வெளியிடும்போது, பானை இயற்றப்பட்டது, திண்ணை மெய்யானது என்ற குறிப்பைப் படத்தின் அடியிலேயே அச்சிடுவது முறை.