மருந்து அடிச்சும் புகையான் ஏன் போகல? பூச்சியின் வாயில் இருக்கு பதில்

"போன வாரம்தான் மருந்து அடிச்சேன். புகையான் குறையல, முன்னைவிட கூடிப்போச்சு." சம்பா பயிர் கதிர் வரும் நேரத்தில் டெல்டா கிராமங்களில் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். மருந்து போலியாக இருக்குமோ என்று சந்தேகம் வரும். அப்படியும் நடக்கலாம். ஆனால் பல நேரம் மருந்து சரியானதாகவே இருக்கும், அது வேறு பூச்சிக்கான மருந்தாக இருக்கும். அல்லது பூச்சி வாய் வைக்கும் இடத்துக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது.

ஒரு பூச்சி எப்படிச் சாப்பிடுகிறது என்பது தெரிந்தால், பயிரில் என்ன சேதம் வரும், எந்த மருந்து வேலை செய்யும் என்ற இரண்டையும் ஓரளவு கணித்துவிடலாம். நெல் வயலையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கடிக்கும் வாய், உறிஞ்சும் வாய்: என்ன வித்தியாசம்?

புழுக்களுக்குத் தாடை உண்டு. கத்தரிக்கோல் போல பக்கவாட்டில் அசையும் இரண்டு தாடைகளால் இலையையோ தண்டையோ கடித்து, மென்று, விழுங்கும். நெல்லில் இலைச்சுருட்டுப்புழுவும் தண்டுத் துளைப்பானின் புழுவும் இந்த வகை.

புகையானுக்கும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் மெல்லுகிற தாடை கிடையாது. அதற்குப் பதிலாக ஊசி போன்ற நீண்ட உறுப்பு இருக்கிறது. மயிரிழையைவிட மெல்லிய அந்த ஊசியைப் பயிருக்குள் செலுத்தி, சாறு ஓடும் குழாயைத் தேடிப் பிடித்து உறிஞ்சும். இலையில் ஓட்டையும் விழாது, ஓரமும் கடிபடாது. பயிர் மட்டும் மஞ்சளாகிக் காயும்.

அதனால் வயலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பயிரில் ஏதாவது தின்னப்பட்டிருக்கிறதா, அல்லது முழுசாக இருந்தபடியே வாடுகிறதா?

சேதத்தைப் பார்த்து பூச்சியைக் கண்டுபிடிப்பது எப்படி?

இலை நீளவாக்கில் மடங்கி, அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிந்தால் அது இலைச்சுருட்டுப்புழு. மடிப்புக்குள் உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். மடிப்பைப் பிரித்தால் பச்சை நிறப் புழுவோ அதன் கழிவோ உள்ளே இருக்கும்.

நடுக்குருத்து மட்டும் காய்ந்து, சுற்றியுள்ள இலைகள் பச்சையாக இருந்தால் அது தண்டுத் துளைப்பான். காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும், அடியில் கடித்த தடம் இருக்கும். கதிர் வந்த பிறகு தாக்கினால் மணி பிடிக்காத வெண்கதிராக நிமிர்ந்து நிற்கும். வயலில் பறக்கும் அதன் அந்துப்பூச்சி பயிரைத் தின்பதில்லை. சேதம் முழுவதும் புழுவால்தான்.

வயலில் ஆங்காங்கே வட்ட வட்டமாகப் பயிர் மஞ்சளாகி, பிறகு தீயில் கருகியது போலக் காய்ந்தால் புகையான் என்று சந்தேகிக்க வேண்டும். மேலே நின்று பார்த்தால் பூச்சி தெரியாது. குத்தை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். பயிரைச் சாய்த்துத் தட்டினால் பழுப்பு நிறப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து துள்ளும். உறிஞ்சிய சாற்றில் தேவைக்கு மிஞ்சியதை இனிப்பு நீராக வெளியேற்றுவதால் அடித்தண்டு பிசுபிசுக்கும், அதன்மேல் கரும்பூஞ்சையும் படரும்.

மருந்து எந்த வழியில் உள்ளே போகிறது?

பூச்சிக்கொல்லி பூச்சியைச் சேரும் வழியை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். வயிற்று நஞ்சு, பயிரோடு சேர்த்து விழுங்கப்பட வேண்டும். தொடு நஞ்சு, பூச்சியின் உடம்பில் பட்டாலே போதும். ஊடுருவும் நஞ்சு, பயிருக்குள் சென்று சாற்றோடு கலக்கும்.

இலையின் மேற்பரப்பில் படிந்து நிற்கும் வயிற்று நஞ்சு புழுவைக் கொல்லும். ஏனென்றால் புழு அந்த மேற்பரப்பையே மென்று விழுங்குகிறது. புகையான் மேற்பரப்பைத் தின்பதே இல்லை. ஊசியைக் குத்தி உள்ளிருந்து உறிஞ்சுகிறது. மேலே படிந்த மருந்து அதன் வாய்க்குள் போக வழியில்லை.

'மெல்லும் பூச்சிக்கு வயிற்று நஞ்சு, உறிஞ்சும் பூச்சிக்கு ஊடுருவும் நஞ்சு' என்று பாடத்தில் சொல்வதன் காரணம் இதுதான். ஆனால் இந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் இரண்டு இடங்களில் ஏமாந்துபோவோம்.

விதி எங்கே சறுக்குகிறது?

முதல் இடம் தண்டுத் துளைப்பான். அதற்கு மெல்லும் வாய்தான். ஆனால் முட்டையிலிருந்து வெளிவந்த புழு கொஞ்ச நேரம் மட்டுமே வெளியில் அலையும், பிறகு தண்டுக்குள் புகுந்துவிடும். அதன்பின் இலைமேல் அடிக்கும் மருந்து அதைத் தொடாது. அதனால் புழு பொரித்து வெளியே இருக்கும்போதே பிடிக்க வேண்டும், அல்லது தண்டுக்குள் பரவும் மருந்தைத் தர வேண்டும். வயலில் போடும் கார்டாப் ஹைட்ரோகுளோரைடு, குளோரான்ட்ரானிலிப்ரோல் குருணைகள் இந்தப் புழுவுக்குப் பயன்படுவது அவை வேர் வழியாக உள்ளே ஏறுவதால்தான்.

இரண்டாவது இடம் புகையான். ஊடுருவும் மருந்து என்றால் எங்கே அடித்தாலும் பயிர் முழுக்கப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இத்தகைய மருந்துகளில் பெரும்பாலானவை வேர் இழுக்கும் நீரோடு மேல்நோக்கிப் போகும், கீழ்நோக்கி இறங்குவது மிகக் குறைவு. புகையான் இருப்பதோ அடித்தண்டில். அடர்ந்த பயிரின் தலைமேல் தெளித்தால் மருந்து இலை நுனியில் தங்கிவிடும், பூச்சி அடியில் நிம்மதியாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதனால்தான் புகையானுக்கு முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, தெளிப்பான் முனையைத் தூரின் அடிப்பக்கம் திருப்பி அடிக்கச் சொல்கிறார்கள்.

தப்பான மருந்து அடித்தால் பூச்சி கூடுமா?

கூடும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் புழுவுக்கு நன்றாக வேலை செய்யும். இலைச்சுருட்டுப்புழுவுக்கு என்று அதை நெல்லில் அடித்தால், வயலில் இருக்கும் சிலந்திகளும் புகையானின் முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சிகளும் சேர்ந்தே சாகும். புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். அது பொரித்து வெளியே வரும்போது தின்ன ஆளில்லாத வயல் காத்திருக்கும்.

இந்தோனேசியா இதைப் பெரிய அளவில் பார்த்தது. அங்கே அரசு மானியத்தில் மருந்து தாராளமாகக் கிடைத்தது, புகையானும் பெருகியது. 1986-ல் அதிபர் சுகார்த்தோ ஓர் உத்தரவு போட்டு, 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தார். பின்னர் மருந்து மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

ஒரு ஏக்கரில் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு ஏக்கர் வயல் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை நடந்து 10 குத்துகளைப் பார்க்கிறோம். குத்துக்குச் சராசரியாக 12 தூர்கள், மொத்தம் 120. அடியில் எண்ணியதில் 180 புகையான் பூச்சிகள். அதாவது தூருக்கு ஒன்றரை. கூடவே குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வேளாண் துறையினர் சொல்லும் அளவு இது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி வந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். நம் வயலில் ஒன்றரைதான். இன்றைக்கு மருந்து வேண்டாம். தண்ணீரை வடித்து, யூரியா போடுவதை நிறுத்திவைத்து, மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி எண்ணினால் போதும்.

அப்போது அதே 10 குத்தில் 300 பூச்சி வந்தால், தூருக்கு இரண்டரை. இனி அடித்தாக வேண்டும். பைமெட்ரோசின் 50 சதவீதக் குருணை மருந்தை எடுத்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 300 கிராம், ஏக்கருக்கு 120 கிராம். 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 10 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு 6 கிராம். இந்த 20 டேங்கும் பயிரின் அடிப்பக்கம்தான் போக வேண்டும்.

அடுத்த நாளும் பூச்சி உயிரோடு இருக்கே?

பைமெட்ரோசின் அடித்தவர்கள் மறுநாள் காலை போய்ப் பார்த்து, "ஒண்ணும் சாகலையே" என்று வேறு மருந்து வாங்க ஓடுவதுண்டு. இந்த மருந்து பூச்சியை உடனே கொல்வதில்லை. அது ஊசியைக் குத்தி உறிஞ்சவிடாமல் செய்கிறது. பூச்சி நடமாடும், ஆனால் சாப்பிடாது. சில நாளில் பட்டினியால் சாகும். பயிருக்கு நடக்கும் சேதம் அதற்கு முன்பே நின்றிருக்கும். அவசரப்பட்டு மேலே பைரித்ராய்டு அடித்தால் பிழைத்திருந்த சிலந்தியும் போய்விடும்.

மாறாக, ஒரு வாரம் ஆகியும் எண்ணிக்கை குறையாவிட்டால் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். மருந்து அடித்தண்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அல்லது அந்த மருந்துக்குப் பூச்சி எதிர்ப்புத் திறன் பெற்றிருக்கலாம். ஒரு காலத்தில் புகையானுக்கு நன்றாக வேலை செய்த இமிடாகுளோப்ரிட், 2000-களில் ஆசியாவின் பல நெல் பகுதிகளில் பலமிழந்தது இப்படித்தான். அதனால் இரண்டாவது முறை அடிக்கும்போது அதே மருந்தையே வேறு பெயரில் வாங்கிவிடக் கூடாது. பாட்டிலின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வியாபாரப் பெயரைவிட, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிப்பது முக்கியம்.

கடைக்குப் போகும் முன்

கடையில் போய் "பூச்சி மருந்து கொடுங்க" என்று கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும். அதற்கு முன் காய்ந்த ஒரு குருத்தை இழுத்துப் பாருங்கள். மடங்கிய ஓர் இலையைப் பிரித்துப் பாருங்கள். ஒரு குத்தை விலக்கி அடியில் பாருங்கள். முடிந்தால் அந்தப் பயிரையே பிடுங்கி எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். கடித்த தடம் இருக்கிறதா, குத்திய பூச்சி அடியில் இருக்கிறதா என்பது தெரிந்தபிறகு மருந்தின் பெயரைப் பேசலாம்.