ஒரு லுக்கப்பின் பூர்வீகம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மொத்தம் 96 வீடுகள். பராமரிப்புத் தொகை யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று எக்செலில் ஒரு பட்டியல் போட்டிருந்தார்.

"சார், VLOOKUP போட்டுப் பார்த்தேன். கட்டாத மூணு வீடு எனக்கே தெரியும். அவங்களும் கட்டுன மாதிரி காட்டுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

ஃபார்முலாவைப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு சொல் இல்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கலாம்தான், ஆனால் எனக்கு அந்த உரிமை கிடையாது. 1998இல் இதே சொல்லை விட்டுவிட்டு, ஒரு மில்லின் தொழிலாளிகள் பணத்தை ஆள் மாற்றி அனுப்ப இருந்தவன் நான். அந்தச் சொல் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது அமெரிக்காவில், ஒருவர் வருமான வரி கணக்குப் போட்டதில் தொடங்குகிறது.

1979இல் டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க் என்ற மென்பொருளை ஆப்பிள் 2 கணினிக்காக வெளியிட்டார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்த, ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் கணக்குத் தாள். நாம் இன்று பார்க்கும் எக்செலுக்குப் பாட்டன். ஃபிராங்க்ஸ்டனுக்கு அந்த வருடத்துத் தன் வரிக் கணக்கை அதிலேயே போட்டுப் பார்க்க ஆசை. வரி போட வேண்டுமென்றால் வரி அட்டவணை வேண்டும். அதற்காக அவர் சேர்த்ததுதான் `@LOOKUP`.

வரி அட்டவணையைக் கையால் பார்க்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நம்ம ஊர் அடுக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24க்கான புதிய முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 6 லட்சம் வரை 5 சதவீதம், 9 லட்சம் வரை 10 சதவீதம், இப்படிப் போகும். ஒருவர் வருமானம் 7,40,000 என்றால், அந்த எண் அட்டவணையில் எங்கேயும் இருக்காது. விரலை மேலிருந்து கீழே ஓட்டுகிறோம். 3,00,001, தாண்டியாச்சு. 6,00,001, தாண்டியாச்சு. 9,00,001, இது அதிகம். உடனே ஒரு வரி மேலே ஏறி, பக்கத்தில் இருக்கும் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறோம். `@LOOKUP` செய்ததும் அச்சாக இதேதான்: தேடும் எண்ணைத் தாண்டாத கடைசி வரியைப் பிடி, பக்கத்துக் கட்டத்தில் இருப்பதைக் கொடு. பள்ளியில் லாகரிதம் புத்தகம் புரட்டியவர்களுக்கு இந்தப் பழக்கம் கையிலேயே இருக்கும்.

ஆக, அந்த ஃபங்ஷன் பிறந்தபோதே அதற்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. பட்டியல் சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாக இருக்கும் என்பது ஒன்று. தேடும் எண் அப்படியே கிடைக்காவிட்டால் கீழே உள்ள பக்கத்து வீட்டுக்காரர் போதும் என்பது இன்னொன்று. வரிக்கு இரண்டுமே சரி. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3இல் அது VLOOKUP, HLOOKUP என்று இரண்டானது. 1985இல் மெக்கின்டோஷில் வந்த முதல் எக்செலிலும் VLOOKUP இருந்தது. பிறவிக் குணமும் கூடவே வந்தது. பிற்பாடு, 'அச்சாக அதே எண் இருந்தால் மட்டும் கொடு' என்று சொல்ல நான்காவதாக ஓர் இடம் வைத்தார்கள். அங்கே FALSE என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அது வரி அட்டவணை பார்க்கும் பழைய புத்திக்கே போய்விடும்.

இனி என் கதை. கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சம்பள ஒப்பந்தம் முடிந்து 1,860 பேருக்கு அரியர்ஸ் போட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அரியர்ஸ் பட்டியல்: டோக்கன் நம்பர், தொகை. இன்னொரு பக்கம் மாஸ்டர் பட்டியல்: டோக்கன் நம்பர், பெயர், டிபார்ட்மென்ட், வங்கிக் கணக்கு எண். முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டாவதிலிருந்து கணக்கு எண்ணை எடுத்து எழுத வேண்டும்.

அதுவரை இதை இரண்டு பேர் உட்கார்ந்து செய்வோம். ஒருவர் டோக்கனைப் படிக்க, மற்றவர் தேடிச் சொல்ல. ஒரு டோக்கனுக்குப் பதினைந்து விநாடி என்று வைத்தாலும் 1,860க்கு ஏழே முக்கால் மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் ஒரு வரி நழுவும், நழுவியதே தெரியாது. நான் புதிதாகக் கற்றுக்கொண்ட ஜம்பத்தில், பத்து நிமிடத்தில் முடிக்கிறேன் என்று சொல்லி இப்படி எழுதினேன்:

```
=VLOOKUP(A2,Master!$A$2:$D$1861,4)
```

A2இல் உள்ள டோக்கனை மாஸ்டரின் முதல் பத்தியில் தேடு. கிடைத்த வரியில் நான்காவது பத்தியில் இருக்கும் கணக்கு எண்ணைக் கொடு என்று அர்த்தம். (லோட்டஸில் முதல் பத்தியைப் பூஜ்யம் என்று எண்ணுவார்கள், அங்கே இது 3 ஆக இருந்திருக்கும். அதில் ஜாக்கிரதையாக இருந்தேன். விழுந்தது வேறு இடத்தில்.) கீழே வரை இழுத்துவிட்டேன். பெரும்பாலான கட்டங்கள் கணக்கு எண்களால் நிரம்பின. அச்செடுத்துக் கேஷியரிடம் கொடுத்தேன்.

அவர் பழைய ஆள். முப்பது வருடம் சம்பளக் கவர் கொடுத்த கை. முதல் பக்கத்தில் விரலை வைத்தவர் ஏழெட்டு வரியிலேயே நின்றுவிட்டார்.

"ஏந்தம்பி, 127 வைண்டிங்கு. இந்தக் கணக்கு 104னோடது அல்ல? அவன் கேன்டீன்காரன்."

மாஸ்டரைத் திறந்து பார்த்தோம். 127 அங்கே பத்திரமாக இருந்தது. ஆனாலும் எக்செல் 104இன் கணக்கைக் கொடுத்திருந்தது. காரணம், எங்கள் மாஸ்டர் டோக்கன் வரிசையில் இல்லை, டிபார்ட்மென்ட் வாரியாக இருந்தது.

நான்காவது சொல் இல்லாதபோது எக்செல் பட்டியலை வரிசையானது என்று நம்பி, பாதி பாதியாக வெட்டித் தேடுகிறது. அகராதியை நடுவில் திறந்து, முன்னால் போவதா பின்னால் போவதா என்று பார்ப்போமே, அப்படி. 1,860 வரியானாலும் பதினோரு தடவை பார்த்தால் போதும். ஆனால் பட்டியல் இப்படிக் கலைந்திருந்தால் என்ன ஆகும்?

```
104  310  127  215  98  402  260
```

127ஐத் தேடுவோம். நடுவில் இருப்பது 215. 127 அதைவிடச் சின்னது, ஆகவே இடது பாதி. அதன் நடுவில் 310. இன்னும் சின்னது, மறுபடி இடது. மிஞ்சியது 104. அது 127ஐத் தாண்டவில்லை, சரி, இதுதான் என்று 104இன் கணக்கை எடுத்துக் கொடுத்துவிடும். 127 பக்கத்திலேயே நிற்கிறது, பார்க்கவே இல்லை. பிழை என்று ஒரு வார்த்தை வராது.

அன்று மாலை FALSE சேர்த்து மறுபடி போட்டேன். கூடவே ஒரு பத்தி சேர்த்து, பெயரையும் இழுத்துக்கொண்டு வரச் செய்தேன்:

```
=VLOOKUP(A2,Master!$A$2:$D$1861,2,FALSE)
```

கணக்கு எண்ணைப் பார்த்தால் சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாது. பெயரைப் பார்த்தால் கேஷியருக்குத் தெரியும். அவர் உட்கார்ந்து பக்கத்துக்கு நாலு பெயர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பதினேழு பேருக்கு `#N/A` வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள், மாஸ்டரில் ஏற்றவே இல்லை. 'இல்லை' என்று சொல்லும் பட்டியலை நம்பலாம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அப்படியானால் எப்போது ஃபார்முலா, எப்போது கண்? ஒரே ஒரு டோக்கனைத் தேட இன்றும் நான் ஃபார்முலா எழுதுவதில்லை. கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தினால் போச்சு. தேட வேண்டியது நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, அதே வேலை மாதாமாதம் வந்தாலோ, பட்டியல் கலைந்து கிடந்தாலோ லுக்கப்பை மிஞ்ச ஆளில்லை. கலைந்த பட்டியலில் கண் முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு தடவையும் நடக்க வேண்டும். நூறாவது தடவை நடக்காது. ஆனால் இரண்டு பட்டியலையும் இணைக்க டோக்கன் மாதிரி ஓர் எண் வேண்டும். வெறும் பெயரை வைத்துத் தேடினால் கண்ணே மேல். 'சுப்பிரமணியம்' என்று ஒரு பட்டியலிலும் 'சுப்ரமணியன்' என்று இன்னொன்றிலும் இருந்தால் மனிதன் புரிந்துகொள்வான், FALSE புரிந்துகொள்ளாது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதலில் வருபவரையே இருவருக்கும் கொடுக்கும்.

2019இல் மைக்ரோசாஃப்ட் XLOOKUP என்று புதிதாக ஒன்றை அறிவித்தது. அதில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அச்சாக அதே எண்ணைத்தான் தேடும். பக்கத்து வரி வேண்டுமென்றால்தான் தனியாகக் கேட்க வேண்டும். ஃபிராங்க்ஸ்டனின் வரி அட்டவணைப் புத்தி மாற நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. நம் பொருளாளரின் லேப்டாப்பில் இருப்பது பழைய எக்செல், அங்கே அது கிடையாது.

அவருடைய பட்டியலில் நடந்ததும் இதே கதையின் எளிய வடிவம்தான். வசூல் பட்டியல் வரிசையாகத்தான் இருந்தது. ஆனால் B202 கட்டவில்லை, பெயரே இல்லை. ஆகவே எக்செல் ஒரு வரி மேலே ஏறி B201 கட்டிய தொகையைக் காட்டியது. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்பதால் பார்த்தாலும் தெரியாது. FALSE சேர்த்தோம். அவர் சொன்ன மூன்று வீடுகளுக்கும் `#N/A` வந்தது. நான்காவதாக இன்னொரு வீட்டுக்கும் வந்தது.

"சார், B304..." என்று இழுத்தார். அது என் வீடு.

ரசீதை எடுத்துக் காட்டினேன். வசூல் பட்டியலில் 304க்குப் பின்னால் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது. `=LEN(A60)` என்று கேட்டதும் 4க்குப் பதிலாக 5 என்றது. `TRIM` போட்டுச் சரிசெய்துகொண்டு, எனக்குத் தயாராக வைத்திருந்த நினைவூட்டல் கடிதத்தை அவரே கிழித்துப் போட்டார்.