வளைகுடா நீரோட்டமும் வட அட்லாண்டிக் கரைகளின் தட்பவெப்பமும்

கனடாவின் லாப்ரடார் கரையிலுள்ள நெயின் என்ற ஊரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 56 டிகிரி வடக்கை ஒட்டி, அட்லாண்டிக் பெருங்கடலின் இரு பக்கங்களில் இருக்கின்றன. சூரியன் இரண்டுக்கும் ஒரே அளவில்தான் படியளக்கிறான். ஆனால் கிளாஸ்கோவின் சராசரி ஜனவரி வெப்பநிலை உறைநிலைக்கு 4 டிகிரி செல்சியஸ் அளவு மேலே நிற்க, நெயினில் அது மைனஸ் 17 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, 70 டிகிரியையும் தாண்டிய நார்வேயின் ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. லாப்ரடாரின் விரிகுடாக்களோ மாதக்கணக்கில் பனிக்கட்டியாய் இறுகிக் கிடக்கும்.

இந்த வேறுபாட்டுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் காரணம் இரு நீரோட்டங்கள். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து புளோரிடா நீரிணை வழியே வெளிவரும் வெந்நீர் வளைகுடா நீரோட்டமாக அமெரிக்கக் கரையை ஒட்டி வடக்கே ஓடி, பின் கிழக்கே திரும்பி, வட அட்லாண்டிக் நீரோட்டம் என்ற பெயரில் ஐரோப்பாவை நெருங்குகிறது. அதன்மேல் வீசும் மேலைக்காற்று வெப்பத்தையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு கரையேறுகிறது. எதிர்ப்பக்கத்தில் கிரீன்லாந்து, பாஃபின் தீவுப் பகுதிகளிலிருந்து லாப்ரடார் நீரோட்டம் குளிர்நீரையும் பனிக்கட்டிகளையும் தெற்கே இறக்குகிறது.

வளைகுடா நீரோட்டத்தைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவாகப் பொதுவாகக் கருதப்படுவது 1513ஆம் ஆண்டு ஸ்பானியர் போன்சே தெ லியோனின் பயணக் குறிப்பு. புளோரிடாவின் கிழக்குக் கரையருகே நல்ல காற்று இருந்தும் அவருடைய கப்பல்கள் பின்னோக்கி நகர்ந்தன. அவருடைய மாலுமி ஆன்டன் தெ அலமினோஸ் 1519இல் ஸ்பெயினுக்குத் திரும்ப இதே ஓட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக் காலம் இந்த அறிவு பெரும்பாலும் கப்பலோட்டிகளின் வாய்மொழியிலேயே தங்கியிருந்தது.

1768இல் அது ஓர் அஞ்சல் புகாராக வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து நியூயார்க் வரும் அஞ்சல் கப்பல்கள், லண்டனிலிருந்து ரோட் தீவுக்கு வரும் சரக்குக் கப்பல்களைவிட ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டன. சரக்குக் கப்பல்களுக்குத் தூரமும் அதிகம், பாரமும் அதிகம். குடியேற்ற நாடுகளின் அஞ்சல் துறைப் பொறுப்பிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அப்போது லண்டனில் இருந்தார். நான்டக்கெட் தீவைச் சேர்ந்த கப்பல் தலைவரும் தமக்கு உறவினருமான திமொதி ஃபோல்ஜரிடம் அவர் விளக்கம் கேட்டார்.

ஃபோல்ஜர் சொன்னதில் வியப்பு ஏதும் இல்லை. அது திமிங்கில வேட்டைக்காரர்களின் அன்றாட அறிவு. திமிங்கிலங்கள் நீரோட்டத்தின் நடுவே வருவதில்லை, அதன் ஓரங்களிலேயே திரியும். அவற்றைத் துரத்தும் படகுகளும் ஓரத்தையே பிடித்துப் போய், பக்கம் மாற வேண்டும்போது மட்டும் ஓட்டத்தைக் குறுக்கே கடக்கும். அப்படிக் கடக்கும்போதெல்லாம் அஞ்சல் கப்பல்கள் நடு ஓட்டத்தில் எதிர்த்து நின்று திணறுவதைப் பார்த்து, விலகிப் போகும்படி சொல்லியும் இருக்கிறார்கள். காற்று தணிந்த நாட்களில் அந்தக் கப்பல்கள் முன்னேறியதைவிடப் பின்னே தள்ளப்பட்டதுதான் அதிகம். மீனவர் சொல்லைக் கேட்கும் வழக்கம் அவற்றின் தலைவர்களுக்கு இல்லை.

ஃபோல்ஜர் ஒரு கடல் வரைபடத்தில் ஓட்டத்தின் போக்கைக் கோடிட்டுக் கொடுக்க, பிராங்க்ளின் அதை லண்டனில் அச்சிடச் செய்தார். ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் அதையும் பொருட்படுத்தவில்லை. அந்த முதல் அச்சின் பிரதிகள் காணாமலே போயின. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு கடலியலாளர் ஃபிலிப் ரிச்சர்ட்சன் பாரிஸ் தேசிய நூலகத்தில் அதைக் கண்டெடுத்தார்.

பிராங்க்ளின் 1775, 1776, 1785 ஆகிய ஆண்டுகளில் அட்லாண்டிக்கைக் கடந்தபோதெல்லாம் கடல்நீரில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார். ஓட்டத்துக்குள் நுழைந்ததும் வெப்பநிலை சட்டென ஏறும், வெளியே வந்ததும் இறங்கும். ஓட்டத்தில் கடற்பாசி மிதப்பதையும், இரவில் அதன் நீர் மின்னாதிருப்பதையும் கூட அடையாளங்களாகக் குறித்துவைத்தார். கடைசிப் பயணத்தில், 79 வயதில், ஆழத்து நீரை எடுக்கப் புட்டியையும், பின்னர் மேலும் கீழும் அடைப்பிதழ் பொருத்திய பீப்பாயையும் இறக்கிச் சோதித்தார். 1786இல் வெளியான கட்டுரையில், வெந்நீரோட்டத்திலிருந்து எழும் ஆவி நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்க் காற்றில் குளிர்ந்து அங்குள்ள மூடுபனியாகிறது என்று எழுதினார். நீரோட்டத்தை வானிலையோடு இணைத்த தொடக்கக்காலக் குறிப்புகளுள் இது ஒன்று. வெப்பமானியைக் கொண்டு ஓட்டத்தை அறியும் முறையில் முந்தியவர் யார் என்பதில் ஒரு சிறு சிக்கல் உண்டு: ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் பிளாக்டனும் 1776இல் தனியே அளந்து, பிராங்க்ளினுக்கு முன்பே 1781இல் வெளியிட்டுவிட்டார்.

கரையோரத் தட்பவெப்பம் பற்றிய பேச்சு 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1817இல் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் வரைந்த சமவெப்பக் கோடுகள் அமெரிக்காவில் தெற்கே தாழ்ந்தும் ஐரோப்பாவில் வடக்கே உயர்ந்தும் ஓடின. அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ ஃபான்டெய்ன் மௌரி 1855இல் எழுதிய கடற்புவியியல் நூல், ஒரு குளிர்கால நாளில் இந்த ஓட்டம் வெளிவிடும் வெப்பமே பிரான்சு, பிரிட்டன் மேலுள்ள காற்று முழுவதையும் உறைநிலையிலிருந்து கோடை வெப்பத்துக்கு உயர்த்தப் போதும் என்றது. பாடநூல்களில் இன்றும் காணப்படும் கருத்து பெரிதும் இதன் வழிவந்ததே.

குளிர் நீரோட்டத்துக்கு இத்தனை எழுத்து கிடைக்கவில்லை. பாரிசைவிடத் தெற்கே இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் பனிப்பாறைகள் துறைமுக வாயிலைக் கடந்து மிதந்துபோகும். தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்நீர்மேல் படிந்து கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடி மேடைகளை மூடுபனியில் மறைக்கும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மோதிய பனிப்பாறையும் இந்த ஓட்டத்தோடு வந்ததே. 1914இல் அங்கே பன்னாட்டுப் பனிக் கண்காணிப்பு தொடங்கியது.

மௌரியின் விளக்கம் 2002இல் நேரடியாகக் கேள்விக்குள்ளானது. ரிச்சர்ட் சீகரும் டேவிட் பாட்டிஸ்டியும் அவர்களுடைய கூட்டாளிகளும் கணினி மாதிரியில் நீரோட்டத்தின் வெப்பக் கடத்தலை நீக்கிப் பார்த்தனர். இரு கரைகளுக்கும் இடையிலான குளிர்கால வேறுபாடு பெரிய அளவில் குறையவில்லை. கடல் கோடையில் சேமித்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் விடுவதும், ராக்கி மலைத்தொடர் மேலைக்காற்றை வளைப்பதுமே முதன்மைக் காரணங்கள் என்றனர். அந்த வளைவால் கிழக்கு அமெரிக்காவில் வடமேற்குக் காற்றும், ஐரோப்பாவில் தென்மேற்குக் காற்றும் வீசுகின்றன. பசிபிக் பெருங்கடலின் வடபகுதி அவர்களுக்குச் சான்றானது: இத்தகைய வெந்நீரோட்டம் எட்டாத அமெரிக்க மேற்குக் கரையும், எதிரே 43 டிகிரியிலுள்ள விளாடிவொஸ்டோக்கைவிடக் குளிர்காலத்தில் மிதமாகவே இருக்கிறது. பீட்டர் ரைன்ஸ், சிர்பா ஹாக்கினென் போன்றோர் இதை மறுத்து, கடல் விடும் வெப்பத்தை நீரோட்டம் ஓயாமல் ஈடுசெய்கிறது என்று வாதிட்டனர். நார்வேயின் வடகரை உறையாதிருப்பதில் நீரோட்டத்துக்குப் பங்குண்டு என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன. அயர்லாந்து, பிரிட்டன் பொறுத்தவரை பங்கு எவ்வளவு என்பது முடிவாகவில்லை.

2004 முதல் 26.5 டிகிரி வடக்கில் அட்லாண்டிக்கின் குறுக்கே நங்கூரமிட்ட கருவிகள், இந்த நீரோட்டம் பங்கேற்கும் அட்லாண்டிக் பெருஞ்சுழற்சியை இடைவிடாமல் அளந்துவருகின்றன. அந்தச் சுழற்சி இந்த நூற்றாண்டில் வலுவிழக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்கிறது ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. எவ்வளவு என்பதில் மாதிரிகள் ஒத்துப்போவதில்லை. புளோரிடா நீரிணையில் மட்டும் 1982இல் வேறொரு கருவியும் பயன்படத் தொடங்கியது: கடலடித் தொலைபேசிக் கம்பி. பூமியின் காந்தப்புலத்தில் உப்புநீர் ஓடும்போது கம்பியில் சிறு மின்னழுத்தம் எழுகிறது. அதை வைத்து, போன்சே தெ லியோனின் கப்பல்களைப் பின்னே தள்ளிய நீரின் அளவைக் கணக்கிடலாம்.