நீள்கம்பி முறையில் யங் குணகம் காணல்

கம்பியில் சுமையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, அதன் பொருளின் யங் குணகத்தைக் கணக்கிடும் ஆய்வுக்கூடச் சோதனை இது. பள்ளிகளில் பெரும்பாலும் சியர்ல் கருவியைக் கொண்டு செய்யப்படுகிறது. கம்பி நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே சுமைக்கு இரு மடங்கு நீளமுள்ள கம்பி இரு மடங்கு நீளும். அப்படியிருந்தும் நீட்சி மில்லிமீட்டர் அளவைத் தாண்டுவது அரிது.

ஒரே உத்தரத்திலிருந்து ஒரே பொருளாலான இரண்டு கம்பிகள் தொங்கும். ஒன்றில் நிலையான சுமை. மற்றதில் எடைகள் ஏற்றப்படும். இரண்டின் அடியிலும் உள்ள சட்டங்களுக்கு இடையே ஒரு ரசமட்டம் கிடக்கும். அதன் ஒரு முனை சோதனைக் கம்பியின் சட்டத்திலுள்ள நுண்திருகின் நுனியில் அமர்ந்திருக்கும். எடை ஏறியதும் அந்த முனை தாழ, குமிழி மறுபக்கம் ஓடும். திருகை மெல்ல உயர்த்திக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தால், திருகு நகர்ந்த தூரமே நீட்சி. உத்தரம் சற்று வளைந்தாலும் அறை சூடேறினாலும் இரு கம்பிகளும் சேர்ந்தே நகர்வதால் அளவு கெடாது. துணைக்கம்பி இல்லாவிட்டால், 2 மீட்டர் எஃகுக் கம்பி 1 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுக்கே ஏறக்குறைய 0.024 மி.மீ. நீண்டுவிடும்.

கணக்கிடும் வாய்பாடு:

Y = MgL / (πr²l)

எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் நீளமும் 0.50 மி.மீ. விட்டமும் கொண்ட எஃகுக் கம்பியில், சுமை–நீட்சி வரைபடத்தின் சாய்வு கிலோகிராமுக்கு 0.50 மி.மீ. என்று வந்தால், யங் குணகம் ஏறத்தாழ 2.0 × 10¹¹ N/m².

மாணவர்கள் நீட்சியை அளப்பதில்தான் முழுக் கவனத்தையும் செலுத்துகிறார்கள்; விடையைக் கெடுப்பதோ பெரும்பாலும் விட்டம். ஆரம் வாய்பாட்டில் இருபடியாக வருகிறது. 0.01 மி.மீ. மீச்சிற்றளவுள்ள திருகு அளவியில் 0.50 மி.மீ. விட்டத்துக்கு 2 விழுக்காடு பிழை. விடையில் அது 4 விழுக்காடு. நீளத்தை அளப்பதில் 2 மி.மீ. தவறினாலும் பாதிப்பு 0.1 விழுக்காடுதான். திருகு அளவியின் +0.02 மி.மீ. சுழிப்பிழையைக் கழிக்க மறந்தால் மேற்கண்ட விடை 1.85 × 10¹¹ ஆகக் குறையும். வரைபடக் கோடு நேராகவே இருக்கும் என்பதால் அதைப் பார்த்து இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே விட்டத்தைப் பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரு செங்குத்துத் திசைகளில் அளக்க வேண்டும்.

மற்ற பிழைகள் அளவீடுகளிலேயே தெரிந்துவிடும். கம்பியில் மடிப்புகள் இருந்தால் முதல் எடைகளுக்கு நீட்சி அதிகமாகக் காட்டும். தொடக்கத்திலேயே ஓர் ஆரம்பச் சுமையை ஏற்றி அவற்றை நிமிர்த்திவிட வேண்டும். பிடிப்பான் நழுவினால் ஓரிடத்தில் அளவு திடீரென்று தாவும். திருகை முன்னும் பின்னும் திருப்பினால் பின்னடைவுப் பிழை சேரும் என்பதால், ஒவ்வோர் அளவிலும் குமிழியை ஒரே திசையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எடைகளை இறக்கும்போது எடுத்த அளவுகள் ஏற்றும்போது எடுத்தவற்றோடு ஒத்துவராமல், ஆரம்பச் சுமையிலும் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை என்றால், பிடி நழுவியிருக்கிறது அல்லது மீட்சி எல்லை கடந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் அந்த அளவீடுகளை விலக்கிவிட்டுச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.