ஒளிநிழலும் புகைமென்மையும்

1792-ஆம் ஆண்டு, மூன்றாம் மைசூர்ப் போர் ஓய்ந்த வேளையில், தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகனான வில்லியம் டேனியலும் சென்னையினின்று தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். இவ்விரு ஆங்கில ஓவியரும் பாராமகால் நாட்டின் வழியே சென்று இராயக்கோட்டை முதலிய குன்றக் கோட்டைகளை வரைந்துகொண்டனர். இன்று தொழிற்சாலைகளால் அறியப்படும் ஓசூரும் அவர்களுடைய படங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. பின்னர் இலண்டனில் இவை அச்சுப் படங்களாக வெளிவந்தன. அப்படங்களைக் கொண்டே இரண்டு இத்தாலியச் சொற்களை விளக்க விரும்புகிறேன்.

முதற்சொல் கியாரோஸ்கூரோ. கியாரோ என்றால் ஒளி; ஸ்கூரோ என்றால் இருள். தட்டையான தாளில் ஒரு பொருளைத் திரண்டு நிற்கச் செய்யும் ஒளிநிழற் பகுப்பே இது. இராயக்கோட்டைக் குன்றைக் காலை வேளையில் நோக்குங்கள். வெயில் படும் பாறைமுகம் வெளுத்திருக்கும், மறுபுறம் கறுத்திருக்கும். அவ்வேற்றுமையே குன்றின் பருமனை நமக்கு உணர்த்துகிறது. உச்சிவேளையில் நிழல் சுருங்கவே, அதே குன்று தட்டையாகத் தோன்றும்.

மற்றொரு சொல் ஸ்ஃபுமாட்டோ. புகையைக் குறிக்கும் ஃபூமோ என்பதினின்று பிறந்தது. ஒளி எங்கே முடிந்தது, நிழல் எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்டவியலாதபடி எல்லையைக் கரைத்துவிடுவதே இம்முறை. லியனார்டோ டாவின்சி, மோனலிசாவின் இதழோரத்தையும் கண்ணோரத்தையும் மிக மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு இவ்வாறு அமைத்தார். ஆகவே முன்னது ஒளியும் இருளும் அமைந்த பாங்கு. பின்னது அவை கூடும் எல்லையின் மென்மை.

டேனியல்களின் அச்சுமுறையில் முன்னது எளிது, பின்னது அரிது. செப்புத் தகட்டில் பிசின்தூளைத் தூவிச் சூடேற்றி ஒட்டச் செய்வர். தகட்டை அமிலத்தில் இட்டால், தூள்மணிகளுக்கு இடைப்பட்ட செம்பு அரிக்கப்படும். போதிய அளவு அரிக்கப்பட்ட இடத்தை மெருகெண்ணெய் பூசி மூடிவிட்டு, எஞ்சியதை மீண்டும் அமிலத்தில் இடுவர். நெடுநேரம் அரிக்கப்பட்ட இடம் மிகுந்த மையை ஏற்று இருண்டு பதியும். ஆனால் மெருகெண்ணெய் நின்ற இடத்தில் ஓர் ஓரம் விழும். சாயல் படிப்படியாக மாறுமேயன்றித் தானே கரைவதில்லை. உருப்பெருக்காடியால் நோக்கினால் அந்த ஓரமும் மணிப்புள்ளிகளும் புலப்படும். மேலே கையால் தீட்டிய வண்ணம் ஓரத்தைச் சிறிது மறைக்கலாம்.

மாணவர்கள் ஒன்றில் மயங்கலாகாது. தொலைவிலுள்ள மலைகள் வெளிறி நீலமாகத் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டதும், அதனை ஸ்ஃபுமாட்டோ என்று கூறிவிடுதல் பிழை. அவ்வெளிறல் இடைப்பட்ட காற்றின் விளைவு. தூரம் மிக மிக வளரும். ஸ்ஃபுமாட்டோவோ தூரத்தைச் சார்ந்ததன்று. மோனலிசாவின் முகம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. வெளிறிய மலையின் விளிம்பை உற்று நோக்குங்கள். வானத்தினின்று அது கூர்மையாகப் பிரிந்து நின்றால், எத்துணை வெளிறியிருப்பினும் அங்கே ஸ்ஃபுமாட்டோ இல்லை.