காட்சி உறுதிப்படுத்தல்

காட்சி உறுதிப்படுத்தல் என்பது, ஓர் எழுத்துரு அல்லது குறியீடு திரையில் சரியாகத் தெரிகிறதா என்று பயனரிடம் கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே அலங்கார வடிவங்களைத் தேர்வுக்குத் தரும் மென்பொருள் அமைப்பு முறை. Zsh ஷெல்லுக்கான Powerlevel10k என்னும் ப்ராம்ப்ட் அலங்காரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

டெர்மினலுக்கு நிரல் அனுப்புவது எழுத்துக் குறியெண்களை மட்டுமே. பயனரின் எழுத்துருவில் அவற்றுக்கு வடிவம் உண்டா என்ற பதில் திரும்பி வருவதில்லை. பார்த்துச் சொல்லக்கூடியவர் பயனர்தான். எனவே `p10k configure` கட்டளை முதலில் ஒரு சாய்சதுரத்தையும் பிறகு பூட்டுப் படத்தையும் காட்டி, அப்படித் தெரிகிறதா எனக் கேட்கிறது. வடிவம் இல்லையென்றால் வெற்றுக் கட்டமோ கேள்விக்குறியோ தென்படும். வடிவம் இருந்தும் அகலம் பொருந்தாமல் பக்கத்து எழுத்தின் மேல் ஏறலாம் என்பதால், குறுக்குக் குறிகளுக்கு இடையே படங்கள் அடங்குகின்றனவா என்ற கேள்வியும் உண்டு; எளிதில் தவறவிடக்கூடிய குறை இதுவே. எதுவும் சரியாகத் தெரியாதபோது அந்த அலங்காரங்கள் இல்லாத எளிய வடிவமே அமையும்.

பதில்கள் `~/.p10k.zsh` கோப்பில் பதிவாகின்றன. அதே கணக்கில் வேறு கணினியிலிருந்து SSH வழியே நுழைந்தால் எழுத்துரு அந்தக் கணினியுடையது. பழைய பதில் பொருந்தாமல் கட்டங்கள் தோன்றலாம். அப்போது கட்டளையை மீண்டும் இயக்கிப் பதிலளிக்க வேண்டும்.